மாதரி யாரைக் குற்றம் சொன்னாள்? இலக்கிய மன்ற உரையில் எழுந்த ஒரு சிக்கல்

கெடிலக்கரை:

அனைவருக்கும் வணக்கம். கடலூரில் முதுகலைத் தமிழ் முதலாண்டு படிக்கிறேன். போன வாரம் எங்கள் கல்லூரி இலக்கிய மன்றத்தில், காப்பியங்களில் பேசப்படாத துணைப் பாத்திரங்களைப் பற்றி 12 நிமிடம் பேசினேன். விகர்ணன், சுமித்திரை, தாரை, சிலப்பதிகாரத்து மாதரி என்று நால்வரை எடுத்துக்கொண்டேன். எழுத உட்கார்ந்ததும் மாதரியை விட்டு நகர முடியவில்லை. மற்ற மூவருக்கும் ஆளுக்கு ஒரு நிமிடம் கொடுத்துவிட்டு மீதி நேரம் முழுவதும் அவளைப் பற்றியே பேசினேன்.

உரையில் சொன்னதன் சுருக்கம் இது. சமணத் துறவி கவுந்தியடிகள் கண்ணகியை ஒப்படைக்க மதுரையில் ஆள் தேடுகிறார். இயக்கிக்குப் பால்மடை கொடுத்துவிட்டு வீடு திரும்பும் ஓர் இடைக்குல மூதாட்டி எதிரே வந்து வணங்குகிறாள். பசுவைக் காத்து அதன் பயனைப் பிறருக்குக் கொடுப்பவர்கள் வாழ்க்கையில் கொடுமை இருக்காது என்று அடிகள் எண்ணுகிறார். அந்த ஓர் எண்ணத்தை நம்பிக் கண்ணகி கைமாறுகிறாள். மாதரி கண்ணகிக்குத் தனி வீடு கொடுக்கிறாள், பாத்திரம் பண்டம் தருகிறாள், தன் மகள் ஐயையைத் துணைக்கு விடுகிறாள். அதுவும் எப்படி? ‘நாத்தூண் நங்கை’ என்று சொல்லி விடுகிறாள். நேற்று வந்த பெண்ணுக்குத் தன் மகளை நாத்தனாராக்கிவிட்டாள். அரிசி, மோர், பாகற்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம் என்று கொண்டுவந்து வைக்கிறாள். கண்ணகி விரல் சிவக்கக் காய் நறுக்குகிறாள், முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது, ஐயை வைக்கோல் தீ மூட்டுகிறாள். காப்பியம் காட்டுவது அந்த ஒரு வேளைச் சமையலைத்தான். சாப்பிட்டுப் போன கோவலன் திரும்பவில்லை.

பிறகு மாதரிக்கு என்ன ஆனது என்பதை மதுரைக் காண்டம் சொல்வதில்லை. நீர்ப்படைக் காதையில், கங்கைக் கரையில், சேர மன்னன் செங்குட்டுவனிடம் மாடலன் என்ற அந்தணன் சொல்லும்போதுதான் தெரியவருகிறது:

‘தாதெரு மன்றத்து மாதரி எழுந்து
கோவலன் தீதிலன் கோமகன் பிழைத்தான்
அடைக்கலம் இழந்தேன் இடைக்குல மாக்காள்
குடையும் கோலும் பிழைத்தவோ என
இடையிருள் யாமத்து எரியகம் புக்கதும்’

ஐந்தே வரி. இந்த வரிகளைச் சொல்லி, மன்னனைக் குற்றம் சாட்டி ஊர் மன்றத்தில் எழுந்து நின்ற மூதாட்டி இவள் என்று முடித்தேன்.

அப்போது அவையில் இருந்த ஓர் ஆசிரியர் எழுந்து, “மாதரி அரசனைக் குறை சொல்லவே இல்லை. தன்னைத்தான் நொந்துகொண்டு செத்தாள். நீ உன் விருப்பத்தை அவள் வாயில் வைக்கிறாய்” என்றார். சொல்லிவிட்டு அவரும் சிலப்பதிகாரத்திலிருந்தே சில வரிகளைச் சொன்னார். எனக்குத் தெரியாத வரிகள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை, உட்கார்ந்துவிட்டேன். இரண்டும் ஒரே நூலில் எப்படி இருக்க முடியும்? யார் சொன்னது சரி?

பலாமரத்தடி:

தங்கையே, உன் கேள்விக்குப் பதில் சொல்லும் அளவுக்கு நான் படித்தவன் இல்லை. ஆனால் பாகற்காய் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். நான் பண்ருட்டிப் பக்கம், எங்களுடையது பலாத் தோப்பு. நூலை எடுத்துப் பார்த்தேன். ‘கோளிப் பாகல் கொழுங்கனித் திரள்காய்’ என்று இருக்கிறது. பாகற்காயை யாராவது கொழுங்கனி என்பார்களா? அது பலாக்காய். கோளி என்றால் பூக்காமல் காய்ப்பது என்று உரையில் எழுதியிருக்கிறார்கள்.

பலா உண்மையில் பூக்கிறது. இதழ் விரித்துக் காட்டாததால் பார்ப்பவர்களுக்குத் தெரிவதில்லை. ஆண் பூத்திரி கொஞ்ச நாளில் கறுத்து உதிர்ந்துவிடும், பெண் பூத்திரிதான் அடிமரத்தில் காயாகத் திரளும். ‘திரள்காய்’ என்ற சொல் எங்கள் வீட்டுச் சொல் போலவே இருக்கிறது.

இன்னொன்று. பலாப்பிஞ்சை நறுக்கியவர்களுக்குத்தான் அந்த வேலை தெரியும். பால் வடிந்து கையிலும் கத்தியிலும் பசை போல ஒட்டும். எண்ணெய் தடவாமல் தொட்டால் அன்று முழுவதும் விரல் பிரியாது. என் அம்மா அரிவாள்மணைக்கும் கைக்கும் நல்லெண்ணெய் பூசிக்கொண்டுதான் உட்காருவார். புகார் நகரத்துச் செல்வர் வீட்டுப் பெண் அதை நறுக்கினால் விரல் சிவக்காமல் என்ன செய்யும்? அடுத்த முறை பேசும்போது பலாக்காய் என்றே சொல்.

புலியூரான்:

அந்த ஆசிரியர் சொன்னதுதான் சரி என்று நினைக்கிறேன். ‘கோமகன் பிழைத்தான்’ என்பதை நீங்கள் தவறாகப் புரிந்துகொண்டீர்கள். பிழைத்தான் என்றால் உயிர் தப்பினான் என்று பொருள். கோவலன் இறந்துவிட்டான், அரசன் மட்டும் பிழைத்துக்கொண்டானே என்று புலம்புகிறாள், அவ்வளவுதான்.

மேலும் இது சமணக் காப்பியம். எங்கள் திருப்பாதிரிப்புலியூரில் பெரிய சமணப் பள்ளி இருந்தது, அப்பர் அங்கேதான் தருமசேனராக இருந்தார். செஞ்சிக்குப் பக்கத்தில் திருநாதர்குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்விட்டதாகக் கல்வெட்டே இருக்கிறது. மாதரியும் இயக்கியை வணங்கும் சமணப் பெண். அவள் இறந்ததும் அப்படி ஒரு நோன்புதான். ஆயர்பாடி கோட்டைக்கு வெளியே இருந்தது, மதுரை எரிந்த தீ அங்கே வந்திருக்கவும் முடியாது.

பம்பை:

துணைப் பாத்திரம் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். நான் 30 ஆண்டாகத் தெருக்கூத்து ஆடுகிறேன். திரௌபதி அம்மன் கோயில் விழாக்களில் துணை வேடம் கட்டுபவர்களுக்கு யாரும் மரியாதை கொடுப்பதில்லை என்பது முழு உண்மை. துரியோதனன் வேடத்துக்கு மாலை விழும், தூதுக்காரன் வேடம் கட்டியவன் ஒப்பனையைத் தானே கலைத்துக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நடப்பான். உங்கள் கல்லூரியில் இதைப் பேசியதற்கு நன்றி.

கெடிலக்கரை:

பம்பை ஐயா, நான் நடிகர்களைப் பற்றிப் பேசவில்லை, காப்பியத்தில் வரும் பாத்திரங்களைப் பற்றிப் பேசினேன். ஆனாலும் நீங்கள் சொன்னதைப் படித்து மனம் கனத்தது.

பலாமரத்தடி அண்ணா, 200 பேர் முன்னால் பாகற்காய் என்று சொல்லிவிட்டேன். திருத்திக்கொள்கிறேன்.

புலியூரான் அவர்களே, அரசன் உயிர் தப்பவில்லையே? வழக்குரை காதையிலேயே அரியணையில் விழுந்து இறந்துவிட்டானே?

வில்லியனூர் வாத்தியார்:

குழந்தாய், முதலில் ஒரு செய்தி. நீயும் சரி, எழுந்து நின்ற அந்த ஆசிரியரும் சரி. நீ நீர்ப்படைக் காதையைச் சொன்னாய். அவர் சொன்னது வாழ்த்துக் காதையாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே ஒரே ஒரு காதைதான். இந்த இடமா என்று பார்:

‘ஐயந்தீர் காட்சி அடைக்கலம் காத்தோம்ப
வல்லாதேன் பெற்றேன் மயல் என்று உயிர்நீத்த
அவ்வை மகள் இவள்தான்’

சேரநாட்டில் கண்ணகி கோயிலில் நின்று அவள் தோழி தேவந்தி பாடுவது. புகாரிலிருந்து அவளும் கண்ணகியின் செவிலியும் அடித்தோழியும் மதுரைக்கு வந்து, மாதரி வீட்டைத் தேடிப் போய், தாயை இழந்த ஐயையைக் கூட்டிக்கொண்டு வையைக் கரையோடு நடந்து மலை ஏறி வருகிறார்கள். தெய்வமாகிவிட்ட தோழிக்கு ஐயையை அறிமுகம் செய்யும்போது, ‘காக்க முடியாமல் போனேனே என்று உயிர்விட்டாளே, அந்த அம்மாவின் மகள் இவள்’ என்கிறாள். இங்கே அரசன் பெயர் இல்லை. குடையும் இல்லை, கோலும் இல்லை. ‘வல்லாதேன்’ என்ற ஒரு சொல்தான், அதுவும் தன்னைக் குறித்து.

மாதரி இறந்த செய்தியை இளங்கோ இரண்டு பேர் வாயில் வைக்கிறார், இரண்டு விதமாக வைக்கிறார். உங்கள் இருவருக்கும் இருந்த குறை, ஆளுக்கு ஒன்றை மட்டும் படித்தது. அதில் உன் தவறும் பெரிதில்லை. வஞ்சிக் காண்டத்துக்கு அடியார்க்குநல்லார் உரை நமக்குக் கிடைக்கவில்லை, அரும்பதவுரைதான் உண்டு. வகுப்பில் மதுரைக் காண்டத்தோடு மூடிவைத்துவிடுவது பழைய பழக்கம். நானும் அப்படித்தான் பல ஆண்டுகள் பாடம் நடத்தினேன்.

புலியூரான் தம்பிக்கு: சமணப் பள்ளியும் திருநாதர்குன்றும் உண்மை. ஆனால் உண்ணாநோன்பிருந்து உயிர்விட்டது கவுந்தியடிகள், மாதரி இல்லை. மாடலன் பேச்சில் மாதரியின் ஐந்து வரி முடிந்ததும் அடிகளின் முடிவு வருகிறது, ‘உண்ணா நோன்பு’ என்ற சொல்லோடு. அடுத்தடுத்து இருப்பதால் குழம்பிவிட்டீர்கள். மாதரி இயக்கிக்குப் பால்மடை கொடுத்தாள், உண்மை. அவளே அடுத்த நாள் கண்ணனை நினைத்துக் குரவை ஆடச் சொன்னாள். அவளை ஒரு சமயத்துக்குள் அடைக்க வேண்டாம்.

‘பிழைத்தான்’ என்பது தவறினான் என்ற பொருளில் வருகிறது. பதிகத்திலேயே ‘அரசியல் பிழைத்தோர்க்கு அறம் கூற்றாவதூஉம்’ என்று இருக்கிறதே, அங்கே உயிர் தப்பியவர்களுக்கு என்றா பொருள் கொள்வீர்கள்?

கோட்டைக்கு வெளியே என்றதும் பொருந்தாது. அடைக்கலக் காதையின் கடைசி வரிகளைப் பாருங்கள். மாதரி கண்ணகியை அழைத்துக்கொண்டு காவற்காட்டையும் அகழியையும் மதிலின் பொறிகளையும் தாண்டி, ‘கொடி நுடங்கும் வாயில் கழிந்து’ தன் மனைக்குப் போகிறாள். வாயிலைக் கடந்தால்தான் அவள் வீடு.

புலியூரான்:

பிழைத்தான் என்பதில் நான் தவறிவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். கவுந்தியையும் மாதரியையும் குழப்பியதும் உண்மை. ஆனால் தீ பற்றி இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. ‘எரியகம் புக்கது’ என்றால் மதுரையை எரித்த தீயா, தானே மூட்டிய தீயா? ஊர் தீயில் சிக்கியிருந்தால் அது விபத்தாகக்கூட இருக்கலாமே?

வில்லியனூர் வாத்தியார்:

நல்ல கேள்வி. எந்தத் தீ என்று அந்த வரி சொல்லவில்லை. ஆனால் விபத்தாக இருக்க முடியாது என்பதற்கு நூலுக்குள்ளேயே ஒரு பிடி இருக்கிறது. வஞ்சின மாலையில் கண்ணகி தீக்கடவுளுக்கு இடும் கட்டளை நினைவிருக்கிறதா? பார்ப்பார், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், மூத்தோர், குழவி, இவர்களை விட்டுவிட்டுத் தீயவர்கள் பக்கம் போ என்கிறாள். மாதரியை இளங்கோ முதலில் அறிமுகப்படுத்தும் சொல்லே ‘ஆயர் முதுமகள்’ என்பதுதான். மூத்தோள். அந்தத் தீக்கு அவளைத் தொடும் உரிமையே இல்லை. ஊர் தீயோ வேறு தீயோ, அவள் தானாக உள்ளே போயிருக்கிறாள். ‘புக்கதும்’ என்ற வினையும் அதைத்தான் சொல்கிறது.

இது என் வாசிப்பு. தீ எது என்று அறுதியிட்டுச் சொல்ல மாட்டேன்.

உப்பளம் செவிலி:

நான் மருத்துவமனையில் செவிலியாக இருக்கிறேன். ஒரு கருத்து மட்டும். நெருப்பில் போய் விழுந்ததைப் புகழ்ந்து மாணவர்கள் முன்னால் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். தீக்காயப் பிரிவில் வேலை செய்திருக்கிறேன். தங்கள் மேல் எந்தக் குற்றமும் இல்லாத பெண்கள் ‘என்னால்தான்’ என்று சொல்லிக்கொண்டே கிடந்ததைப் பார்த்திருக்கிறேன். தேவந்தி சொல்லும் அந்த ‘வல்லாதேன்’ என்ற சொல்லைப் படித்ததும் எனக்கு அவர்கள் முகம்தான் வந்தது. மாதரியைப் புகழ வேண்டுமானால் அந்த அரிசிக்கும் மோருக்கும் புகழுங்கள்.

கெடிலக்கரை:

அக்கா, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. உரையில் ‘எரியகம் புக்காள்’ என்ற இடத்தில் குரலை உயர்த்திப் பேசினேன், கைதட்டலும் அங்கேதான் வந்தது. இனி அப்படிப் பேச மாட்டேன்.

வாத்தியார் ஐயா, ஒரு சந்தேகம். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றால், மாதரி உண்மையில் என்ன சொன்னாள்?

பம்பை:

அம்மா, முன்பு தவறாகப் புரிந்துகொண்டு எழுதிவிட்டேன். இப்போது முழுவதும் படித்தேன். இந்தக் கேள்விக்குக் கூத்துக்காரனாக ஒன்று சொல்லலாமா?

நான் தூது வேடம் பல முறை கட்டியிருக்கிறேன். சாவுச் சேதியை ராஜாவிடம் சொல்லும்போது ஒரு மாதிரி நிற்போம், தாயிடம் சொல்லும்போது வேறு மாதிரி நிற்போம். ராஜாவிடம் சொன்னால் தலை நிமிர்ந்திருக்கும், நியாயம் கேட்பது போல இருக்கும். பெண்களிடம் சொன்னால் உட்கார்ந்துதான் சொல்வோம், பாட்டு ஒப்பாரிக்குப் போய்விடும். சேதி ஒன்றுதான், கேட்கிற ஆளைப் பார்த்து அது உருவம் மாறுகிறது. மாடலன் யாரிடம் சொல்கிறார்? ஒரு பேரரசனிடம். அப்போது குடையும் கோலும் பேச்சில் வரத்தான் செய்யும். தேவந்தி யாரிடம் சொல்கிறாள்? தோழியிடம். அங்கே அரசனுக்கு என்ன வேலை?

வில்லியனூர் வாத்தியார்:

பம்பை ஐயா, 40 ஆண்டு பாடம் நடத்தியவனுக்கு இது தோன்றவில்லை. அதோடு மாடலன் வெறும் தூதும் இல்லை. தன் வாயால் செய்தி கேட்டவர்கள் சிலர் இறந்துவிட்டதால்தான் கங்கையாட வந்ததாக அவனே சொல்கிறான், ‘என்வாய்க் கேட்டோர் இறந்தோர் உண்மையின்’ என்று. சுமையோடு வந்தவன். தன் சொல்லால் இத்தனை உயிர் போனதே என்று கலங்குபவன், குற்றத்தின் வேரை அரண்மனையில் காட்டுவது இயல்பு.

ஆனால் அதற்காக மாடலன் இட்டுக்கட்டினான் என்று சொல்ல மாட்டேன். அவன் அந்த நேரத்தில் மதுரையில் இருந்தவன். தேவந்தி பிறகு வந்தவள். மறுபக்கம், தேவந்தியோடு ஐயை நிற்கிறாள், பெற்ற மகள். அவளிடம் கேட்டுத்தான் தேவந்தி பாடியிருக்க வேண்டும். யாரை நம்புவது? எனக்கு இன்றும் முடிவு இல்லை.

கெடிலக்கரைக்கு ஒரு வேலை தருகிறேன். கோவலன் தீதிலன் என்று மாதரி சொன்னாளே, அதே வாழ்த்துக் காதையில் கண்ணகி தெய்வ வடிவில் என்ன சொல்கிறாள் என்று பார்த்துவிட்டு வா. அது முடிந்ததும் வரந்தரு காதையைப் படி. மாதரி அங்கேயும் வருகிறாள்.

கெடிலக்கரை:

ஐயா, இரண்டு நாளாகப் படித்தேன். ‘தென்னவன் தீதிலன்’ என்கிறாள் கண்ணகி! பாண்டியன் குற்றமற்றவன், தேவர்கோன் கோயிலில் நல்விருந்தாகிவிட்டான், நான் அவன் மகள் என்கிறாள். மாதரி கோவலனுக்குச் சொன்ன அதே ‘தீதிலன்’. கொலையுண்டவனின் மனைவி மன்னித்துவிட்டாள். ‘கோமகன் பிழைத்தான்’ என்று மாதரி சொன்னது மட்டும் யாராலும் திரும்பப் பெறப்படாமல் அப்படியே நிற்கிறது.

வரந்தரு காதையில் மூன்று சிறுமிகள் மேல் மாடலன் நீர் தெளிக்கிறான். முற்பிறப்பு நினைவு வந்து பேசுகிறார்கள். இருவர் கண்ணகியின் தாயும் கோவலனின் தாயும். மூன்றாவது சிறுமி சேடக்குடும்பியின் மகள், அவள்தான் மாதரி என்று பிறகு தெரிகிறது. அவள் அரற்றுவது இது:

‘வருபுனல் வையை வான்துறைப் பெயர்ந்தேன்
உருகெழு மூதூர் ஊர்க்குறு மாக்களின்
வந்தேன் கேட்டேன் மனையிற் காணேன்
எந்தாய் இளையாய் எங்கு ஒளித்தாயோ’

துன்ப மாலையின் தொடக்கத்தில் மாதரி குரவை முடிந்து பூவும் புகையும் எடுத்துக்கொண்டு வையைக்கு நீராடப் போகிறாள். அப்போதுதான் ஊரில் எழுந்த ஆரவாரம் கேட்டு ஒருத்தி ஓடிவந்து, சொல்ல வாய் வராமல் நிற்கிறாள். அந்த நேரத்தில் மாதரி வீட்டில் இல்லை என்பதை நான் படித்தும் கவனிக்கவில்லை. ஆற்றிலிருந்து திரும்பும் வழியில் தெருப்பிள்ளைகள் சொல்லி அவளுக்குத் தெரிந்திருக்கிறது. வீட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறாள். கண்ணகி இல்லை.

மற்ற இரண்டும் பிறர் சொன்னவை. இது அவள் வாயிலிருந்தே வருகிறது, ஒரு குழந்தையின் வாய் வழியாக. இதில் அரசனும் இல்லை, ‘வல்லாதேன்’ என்பதும் இல்லை.

உப்பளம் செவிலி:

‘எங்கு ஒளித்தாயோ’ என்று கேட்கிறாள். இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.

புலியூரான்:

நெருப்பு பற்றி அந்தச் சிறுமி ஒன்றும் சொல்லவில்லையா?

கெடிலக்கரை:

ஒரு சொல்லும் இல்லை. அடுத்த மாதம் புதுச்சேரியில் ஒரு கல்லூரியில் பேச அழைத்திருக்கிறார்கள். மற்ற மூவரையும் விட்டுவிட்டேன். பலாக்காயில் தொடங்குகிறேன். மாடலன் சொன்னது, தேவந்தி சொன்னது, சிறுமி சொன்னது என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லி, நான்கு வரியோடு உட்கார்ந்துவிடப் போகிறேன்.

வில்லியனூர் வாத்தியார்:

நாளும் நேரமும் எழுது. வருகிறேன். அந்த ஆசிரியருக்கும் அழைப்பு அனுப்பு.